பேர் எழுதாத சீட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் போதை எதிர்ப்பு மன்றம் ஒன்றை ஆரம்பிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்த அன்று, எல்லோரும் ஒரே குரலில் என்னைக் கைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அரசுப் பள்ளி எங்களுடையது. சுற்றிலும் பம்பு உதிரிபாகம் செய்கிற பட்டறைகள். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், அதில் ஒரு பிரிவுக்கு வகுப்பாசிரியையும்கூட.

முதல் இரண்டு வருடம் அந்த மன்றத்தை நான் நடத்திய லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் உறுதிமொழி. கையை நீட்டிக்கொண்டு பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், பின்வரிசையில் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஊர்வலம், பதாகை, போட்டோ. போட்டோவை இணையத்தில் ஏற்றிவிட்டால் அன்றைய கடமை முடிந்தது. ஒரு போலீஸ்காரர் வந்து எத்தனை வருடம் ஜெயில் என்று பயமுறுத்துவார். குடியை விட்ட ஒருவர் வந்து தன் கதையைச் சொல்லி அழுவார். பிள்ளைகள் கதை கேட்கிற ஆசையில் "அப்புறம் என்னாச்சுங்க?" என்று கேட்பார்கள். எனக்கும் சேர்த்துக் கண் கலங்கும்.

ஒரு வருடம் கண்காட்சி வைத்தேன். பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்ததையெல்லாம் எடுத்தேன். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிக்கொள்கிற சின்னச் சின்னப் புகையிலைப் பொட்டலங்கள், பாக்கு, பீடிக்கட்டு. எல்லாவற்றையும் பெரிய அட்டையில் பசைபோட்டு ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், என்ன நோய் வரும் என்று கலர் பேனாவில் எழுதி ஹாலில் மாட்டினேன். சாயந்திரம் கழற்றப் போனபோது மூன்று பொட்டலத்தைக் காணோம். பசை மட்டும் இருந்தது. ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

மூன்றாவது வருடம் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் இரண்டு நாள் பயிற்சி என்று அனுப்பினார்கள். சனி ஞாயிறைக் கெடுத்துவிட்டார்களே என்று கடுப்போடுதான் பஸ் ஏறினேன். மனநல மருத்துவர் ஒருவர் பேசினார். நரைத்த தாடி, நிதானமான குரல். மேடையில் நிற்காமல் எங்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வந்ததும் வராததுமாக, "உறுதிமொழி, ஊர்வலம், ஒரு நாள் பேச்சு, இதெல்லாம் புள்ளைங்க பழக்கத்த மாத்தறதா எங்கயும் நிரூபணம் ஆகலீங்க" என்று போட்டு உடைத்தார்.

அவர் சொன்னதை என் நோட்டில் இன்னும் வைத்திருக்கிறேன். பல நாடுகளில், பல வருடமாகப் பள்ளிகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பயமுறுத்தினால் பிள்ளைகளுக்குத் தகவல் ஏறுகிறது, பழக்கம் குறைவதில்லை. பொருளைக் கொண்டுவந்து காட்டினால் சில பிள்ளைகளுக்கு ஆசைதான் கிளம்புகிறது. விட்டவர் வந்து கதை சொன்னால் அவர் ஹீரோ ஆகிவிடுகிறார். கொஞ்சமாவது பலன் தருவது வேறு மாதிரி: பல வாரம் தொடர்ந்து நடக்கிற வகுப்பு, பிள்ளைகளே பேசுகிற வகுப்பு, கூட்டாளி நீட்டும்போது எப்படி மறுப்பது என்று வாய்விட்டுப் பழகிப் பார்க்கிற வகுப்பு. அதோடு, எல்லோரும் செய்கிறார்கள் என்று பிள்ளைகள் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பதைத் திருத்த வேண்டும்.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று கேட்டேன். "ஏனுங்க டாக்டர், அப்ப இத்தனை வருசமா நாங்க செஞ்சதெல்லாம் தண்டமுங்களா?"

அவர் சிரித்தார். "தண்டம்னு சொல்ல மாட்டேனுங்க அம்மணி. நீங்க செஞ்சது புள்ளைங்களுக்காகச் செஞ்ச மாதிரி தெரியல, போட்டோவுக்காகச் செஞ்ச மாதிரி தெரியுதுங்க. நான் சொல்றதும் மந்திரம் இல்லீங்க. நல்லா நடத்துனாலும் பலன் கொஞ்சம்தான். நூறு புள்ளைங்கள்ல ஒண்ணு ரெண்டு தப்பிக்கும். அதுவும் பாதி ஆராய்ச்சி வெளிநாட்டுல செஞ்சது, நம்மூருக்கு அப்படியே ஒத்து வருமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அந்த ஒண்ணு ரெண்டும் யாரோ பெத்த புள்ளைங்கதானுங்களே?"

கடைசியாக இரண்டு விஷயத்தை அழுத்திச் சொன்னார். வகுப்பில் பேர் இல்லாமல் கணக்கெடுக்கும்போது, அந்த வகுப்பின் ஆசிரியரே எடுக்கக் கூடாது. கட்டத்தில் டிக் மட்டும் போடச் சொல்ல வேண்டும், எதையும் எழுதச் சொல்லக் கூடாது. இன்னொன்று, பழக்கம் இருக்கிற பிள்ளை தெரிய வந்தால் பள்ளியை விட்டு அனுப்பிவிடாதீர்கள். பள்ளியோடு ஒட்டிக்கொண்டிருப்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாதுகாப்பு, வெளியே போனால் நிலைமை இன்னும் மோசமாகும் என்றார். இரண்டையும் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். அடிக்கோடு போட்டதைத்தான் அப்புறம் மீறினேன்.

வாரம் ஒரு பீரியடு வகுப்பு ஆரம்பித்தேன். முதல் வாரம் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு பையன் கூட்டாளியாகவும் இன்னொருவன் மறுப்பவனாகவும் நடித்தார்கள். "வேண்டாம்டா, எங்கம்மா மோந்து பாப்பா" என்று அவன் சொன்னதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. அது பாடத்தில் இல்லாத பதில். ஆனால் அசல் வாழ்க்கையில் வேலை செய்கிற பதில். நானே பலகையில் எழுதிப் போட்டேன்.

நாலாவது வாரம் சீட்டு. வேறு ஆசிரியரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த பீரியடில் யாரும் சும்மா இல்லை, நானும் கெஞ்சிக் கேட்கவில்லை. என் பிள்ளைகள்தானே, என்னிடம் சொல்லாமலா என்ற திமிரும் இருந்தது. இரண்டு கேள்வி. நம் வகுப்பில் எத்தனை பேர் புகையிலையோ வேறெதுவோ பயன்படுத்துவார்கள் என்று நினைக்கிறாய்? போன மாதம் நீ பயன்படுத்தினாயா? அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஏதாச்சும் கேக்கணும்னா கீழ எழுதுங்க கண்ணுகளா. பேரு எழுத வேண்டாம். யாருன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் மாட்டேன்" என்றேன்.

அந்த வகுப்பு நன்றாகத்தான் போனது. முதல் கேள்விக்குப் பெரும்பாலான பிள்ளைகள் பாதி வகுப்புக்கு மேல் என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்றவர்களை ஒரு கை விரலிலேயே எண்ணிவிடலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் போட்டேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவ்வளவுதானுங்களா டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அட, டாக்டர் சொன்னது சரிதான் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சீட்டுகளை மறுபடி பிரித்துப் பார்த்தேன். ஒன்றின் கீழே எழுதியிருந்தது: "பல் வலிக்குப் புகையிலை வெச்சேன். இப்ப வலி இல்லை. ஆனா விட முடியலை. யாரைப் பாக்கணும்?"

ஜூனிலிருந்து அந்தக் கையெழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்து, கோட்டுக்கு மேலே ஒரு நூல் இடைவெளி விட்டு நிற்கும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்கிற பெண். பூவின் குறுக்குவெட்டுப் படத்தை என்னைவிட நன்றாக வரைவாள். அம்மா மில்லுக்கு ஷிப்டு போகிறவள், அப்பா வார்ப்படப் பட்டறையில் கூலி. சீட்டை யார் எழுதியது என்று நான் தேடவே இல்லை, சத்தியமாக. நோட்டுத் திருத்துகிற எந்த வாத்தியாரைக் கேட்டாலும் தெரியும். கண் பார்த்ததும் பேர் மனதில் வந்து நின்றுவிடும்.

என்ன செய்திருக்க வேண்டும் என்பது நோட்டிலேயே இருந்தது. அடுத்த வகுப்பில் பொதுவாகச் சொல்லியிருக்கலாம். அரசு உதவி எண் இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் புகையிலை விடுவதற்கு ஆலோசனை சொல்கிறார்கள், பல் டாக்டரையும் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னால் போதும். அவள் எடுத்துக்கொண்டிருப்பாள். எனக்கோ பதற்றம். ஒரு பொம்பளைப் பிள்ளை இப்படி என்றதும் உள்ளுக்குள் இருந்த பழைய டீச்சர் எழுந்துகொண்டாள். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நீ தெரிந்தும் மறைத்தாயா என்று என்னைக் கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பயந்து போய்த்தான் செய்தேன். அக்கறை என்று பேர் வைத்துக்கொண்டேன்.

காலையில் சீட்டைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களா சார், கமுக்கமா?" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கிணறு வற்றிய வருடம் சொந்தக் காசில் பள்ளிக்குத் தண்ணீர் லாரி கொண்டுவந்த மனிதர். சீட்டை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், நீங்க சொல்லிப்போட்டீங்க. இனி எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்ல முடியாதுங்களே. பெத்தவங்களக் கூப்பிடாம எப்படிங்க?"

"ரெண்டு நாள் பொறுங்க சார். நான் அந்தப் புள்ளகிட்ட மொதல்ல பேசிக்கறேன்."

"பேசி? நாளைக்கே வேற புள்ளைங்களுக்குக் குடுத்துப்போட்டா? ஸ்கூல் பேரு என்னாகறதுங்க?" என்று போனை எடுத்துவிட்டார். கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் மத்தியானம் வந்தார்கள். அப்பா உள்ளே வருவதற்கு முன் வாசலில் குனிந்து வாயில் இருந்த புகையிலையைத் துப்பிவிட்டு, சட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். அவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அப்பா பளாரென்று ஒரு அறை விட்டார். அவள் அழவில்லை. அம்மாதான் அழுதாள். "நான்தானுங்க பல்லுவலின்னு ராத்திரி துடிச்சாளேன்னு துளி வெச்சு உட்டேன். டாக்டர்கிட்டப் போக லீவு கெடைக்கலீங்க" என்றாள். அதை அந்த அறையில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எம்புள்ளையப் பத்தி யாருங்க சொன்னது?" என்று அப்பா கேட்டார்.

"யாரும் சொல்லலீங்க. உங்க புள்ளையே எழுதிக் குடுத்திருக்குது" என்று தலைமையாசிரியர் சீட்டை மேசையில் நகர்த்தி வைத்தார்.

அவள் சீட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. "பேரு எழுத வேண்டாம்னு சொன்னீங்களே டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பது மாதிரி சொன்னாள்.

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் இல்லையா? அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

தலைமையாசிரியர் அவளை வெளியே அனுப்புகிறேன் என்று சொல்லவே இல்லை. ஒரு வாரம் வீட்டில் வைத்து நல்ல புத்தி சொல்லிக் கூட்டி வாருங்கள் என்றுதான் சொன்னார். ஆனால் பிள்ளைகளுக்குள் அன்று சாயந்திரமே தெரிந்துவிட்டது. ஒரு வாரம் இரண்டானது. போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன், பூட்டிக் கிடந்தது. மூன்றாவது வாரம் அப்பா மட்டும் வந்து டி.சி. கேட்டார். ஆசிரியர் அறை வாசலில் அவரை மறித்தேன்.

"வேண்டாமுங்க. பரீட்சைக்கு மூணு மாசந்தான் இருக்குது. புள்ளைய நான் பாத்துக்கறேனுங்க. ஆஸ்பத்திரிக்கும் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"நீங்க பாத்துக்கிட்டது போதுமுங்க" என்றார். மரியாதை குறையாமல்தான் சொன்னார். 'ங்க' போட்டு இப்படி அறைய எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். நான் வழிவிட்டேன்.

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். கிட்டே வந்தாள். மகள் ஆனைமலையில் அத்தை வீட்டில் இருக்கிறாளாம். தேங்காய் நார் பிரிக்கிற இடத்துக்கு அத்தையோடு வேலைக்குப் போகிறாளாம். "அங்க எல்லாப் பொம்பளைங்களும் போடுறாங்களாமுங்க டீச்சர், வாயில. இப்ப நெறைய வெக்கிறான்னு அவ அத்தை சொல்றா" என்றாள். வாயில் புண் வேறு வந்து ஆறவில்லையாம். அம்மா மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தாளாம். அநியாயம் செய்தவர்களைச் சாமி கேட்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வார்கள்.

"யாருக்குங்க அரைச்சீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"புள்ளைங்களுக்கு அதை விக்கிறவனுக்குத்தானுங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸைப் பார்த்தாள். அந்த மிளகாயில் என் பங்கும் அரைபட்டிருக்கும் என்று எனக்கு நிச்சயம். அரைபடட்டும், நான் அதற்குத் தகுதியானவள்தான்.

பயிற்சியில் சொல்லியிருந்தபடி வருடக் கடைசியில் மறுபடி சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை பக்கத்து வகுப்பு டீச்சரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். டிக் மட்டும்தான், அதுவும் அச்சடித்த தாளில். அவர் கட்டித் தந்த சீட்டுக்கட்டைத் தலைமையாசிரியர் முன்னால் பிரித்தோம். நாற்பத்தொரு சீட்டு. அத்தனையிலும் "இல்லை" கட்டத்தில் டிக். நாலு மாதத்துக்கு முன் ஆமாம் என்று போட்ட மற்றவர்களும் இல்லை என்றே போட்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா டீச்சர், ஒருத்தருக்குக்கூட இல்லீங்க. நம்ம மன்றத்துக்கு நல்ல பேரு" என்று தலைமையாசிரியர் சந்தோஷமாகக் கணினியில் ஏற்றினார். மனுஷன் உண்மையாகவே நம்பினார். எங்கள் பள்ளிக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது. அலுவலக அறையில், அந்தப் பெண் நின்ற இடத்துக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறார்கள்.

ஒரு சீட்டை மட்டும் அவரிடம் காட்டாமல் உருவி எடுத்துக்கொண்டேன். அதிலும் "இல்லை" என்றுதான் இருந்தது. ஆனால் பின்பக்கத்தில், இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் ஒரு வரி: "டீச்சரைத் தவிர வேற யாரைப் பாக்கலாம்?"

என் கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. இந்தக் கொம்பு யாருடையது, இந்தச் சுழி யாருடையது என்று தேடுகிறது. பாழாய்ப்போன கண். சீட்டை நாலாகக் கிழித்து, கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

பலகையில் உதவி எண்ணை எழுதினேன். அரசு ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்தக் கிழமை, பேர் சொல்ல வேண்டியதில்லை, காசு கிடையாது, எல்லாம் எழுதினேன். "எல்லாரும் எழுதிக்குங்க, ஒருத்தர் விடாம" என்றேன். ஒரே ஒரு பிள்ளை மட்டும் எழுதினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் திரும்பிப் பார்த்தால் எனக்கும் தெரிந்துவிடும். அதனால் பலகையைப் பார்த்தபடியே நின்றேன். முதுகுக்குப் பின்னால் நாற்பத்தொரு பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவளும் என்னிடம் இவ்வளவுதான் கேட்டிருந்தாள்.